புதுப்பிப்பு: விர்ச்சுவல் மெஷினும் என் லேப்டாப் சூடும்

"விர்ச்சுவல் மெஷின் ஓட்டினால் லேப்டாப் கெட்டுப்போகுமா, வாரண்டி போய்விடுமா?" என்று போன வாரம் பாம்பனிலிருந்து கேட்டிருந்தேன். விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தை ஓட்டத்தான் அந்த விர்ச்சுவல் மெஷின்.

எல்லோருக்கும் நன்றி. ராமை அதிகம் ஒதுக்கியதுதான் காரணம் என்று மண்டபம் அண்ணன் சொன்னதுதான் சரி. 8 ஜிபி ராமில் 6 ஜிபியை உபுண்டுவுக்குக் கொடுத்திருந்தேன். மிச்சம் போதாமல் விண்டோஸ் எஸ்எஸ்டியில் எழுதிக்கொண்டே இருந்தது. 3 ஜிபி, 2 கோர் என்று குறைத்ததும் ஃபேன் இரைச்சல் அடங்கிவிட்டது. எஸ்எஸ்டி தேயும் என்று தங்கச்சிமடம் தம்பி சொன்னது பாதி சரி. ராம் பற்றாமல் போனால்தான் அந்தக் கவலை. கீழக்கரை அக்காவுக்கு உப்புக்காற்றில் போர்டு துருப்பிடித்தது வேறு விஷயம்.

எதிர்பாராத ஒன்று: பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ததும் நீலத்திரையில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. பதறிப்போனேன். நல்லவேளை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. நீங்கள் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டிக்குப் பாதிப்பில்லை என்று சர்வீஸ் சென்டரில் வாயால்தான் சொன்னார்கள், எழுதித் தரவில்லை.