செதாப்பாக்கில் வாடகை வீடு: பழைய ஆள் விட்ட பாக்கியால் கரண்ட் இல்லை, இணையமும் கேஸும் இழுபறி. எதை முதலில் செய்வது?

முகிலன்

வணக்கம். சுங்கைப் பட்டாணியிலிருந்து வேலை மாற்றலாகி கோலாலம்பூர் வந்திருக்கிறோம். நான், மனைவி, ஒரு வயதுக் குழந்தை. செதாப்பாக்கில் ஒரு கொண்டோவின் எட்டாவது மாடியில் வீடு, மாதம் 1,500 வெள்ளி, ஓராண்டு ஒப்பந்தம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், எல்லாம் ஏஜென்ட் மூலமாகத்தான்.

இன்று மதியம் திடீரென்று கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டிலும் நடைபாதையிலும் விளக்கு எரிகிறது. எங்கள் பெட்டியில் மெயின் சுவிட்ச் உட்பட எல்லாம் மேலேதான் இருக்கின்றன. தபால் பெட்டியைத் திறந்தால் பழைய வாடகைக்காரர் பெயரில் ஒரு மின்கட்டண பில், பாக்கி 640 வெள்ளி. ஏஜென்டைக் கேட்டால், "நீங்க கட்டிடுங்க, வாடகையில கழிச்சுக்கலாம்" என்கிறார். எழுதித் தரச் சொன்னால் பதில் இல்லை.

இணையம் கேட்டு விண்ணப்பித்தேன். இந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு சேவை ஓடுகிறதாம், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த கேஸ் அடுப்பும் சும்மா இருக்கிறது. இங்கே கேஸ் தோங், அதாவது சிலிண்டர், வைக்கக் கூடாது என்கிறார் காவலாளி. அடுப்படிச் சுவரில் ஒரு மஞ்சள் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது.

குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும், நாளை மனைவிக்கு வீட்டிலிருந்து வேலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாந்தி, பட்டர்வொர்த்

தம்பி, குழந்தை இருக்கு, யோசிக்காம அந்த 640-ஐக் கட்டிடுங்க. ஆப்ல கட்டினா சீக்கிரம் கரண்ட் வந்துடும். பேர் மாத்துறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். நாங்க இருக்கிற வீட்டுல பில் எப்பவும் வீட்டுக்காரர் பேர்லதான் வருது, நாங்க கட்டிட்டு ரசீதை வாட்சாப்ல அனுப்பிடுவோம். இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை.

ரவி, வயர்மேன்

சாந்தி அக்கா சொல்கிற ஏற்பாடு வீட்டுக்காரர் பெயரில் கணக்கு இருக்கும்போது சரியாக வரும். இங்கே கணக்கு போன வாடகைக்காரர் பெயரில் இருக்கிறது. அதுதான் வேறுபாடு. நீங்கள் கட்டும் பணம் அவர் கணக்குக்குப் போகும். அவர் முன்பு கட்டிய சாகாரான், அதாவது முன்பணம், அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது. கணக்கை மூடும்போது பாக்கியைக் கழித்துவிட்டு மீதியை அவருக்குத்தான் திருப்பித் தருவார்கள். உங்கள் 640 அவருடைய பாக்கியை அடைத்துவிடும், சாகாரான் அப்படியே அவர் கைக்குப் போகும். ஏஜென்ட் எழுதித் தர மறுப்பதை வைத்தே மற்றதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் இது பாக்கிக்காக நிறுத்தியதா, இல்லை பழுதா என்று பாருங்கள். மாடியில் மீட்டர் அறை இருக்கும், காவலாளியிடம் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு எண் போட்ட மீட்டரின் திரையைக் கவனியுங்கள். திரையில் எண்கள் தெரிந்து வீட்டுக்குள் மட்டும் கரண்ட் இல்லை என்றால், மீட்டர் வரை மின்சாரம் வருகிறது, அதற்கு அப்பால் போக விடாமல் தடுத்திருக்கிறார்கள். ஸ்மார்ட் மீட்டரில் இதைத் தொலைவிலிருந்தே செய்வார்கள், ஆள் வரத் தேவையில்லை. அதனால்தான் பெட்டியில் எதுவும் விழவில்லை. திரையே செத்துக் கிடந்தால் அது வேறு கதை: பியூஸ் அல்லது வரும் கம்பியில் கோளாறு. அப்படியானால் மின்வாரியமான TNB-யின் 15454-க்கு அழையுங்கள்.

திரை எரிந்தால் வாசிப்பைப் படமெடுத்து வையுங்கள். மீட்டர் எண்ணும் அதே படத்தில் தெளிவாகத் தெரியட்டும். அதற்கு முன்னால் ஓடியது பழைய ஆளுடையது, பிறகு ஓடுவது உங்களுடையது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

தினேஷ்

எங்க வீட்டுலயும் இதே தொல்லை. போன மாசம் 180, இந்த மாசம் 310. மீட்டர்ல ஏதோ தப்பு இருக்குன்னு நினைக்கிறேன். யாருக்கு எழுதணும்?

ரவி, வயர்மேன்

தினேஷ், உங்களுடையது வேறு பிரச்சினை. பில்லில் உள்ள வாசிப்பையும் இன்றைய மீட்டர் வாசிப்பையும் ஒப்பிடுங்கள். ஏர்கோனை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். தனி இழையில் கேட்டால் விரிவாகச் சொல்கிறேன்.

முகிலன்

பார்த்துவிட்டேன் அண்ணே. திரை எரிகிறது, வாசிப்பு 18,432. ஆகவே நிறுத்தித்தான் இருக்கிறார்கள். கரண்ட் கணக்கை என் பெயருக்கு மாற்ற என்னென்ன வேண்டும்? ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று, ஆனால் முத்திரை போடவில்லை. ஏஜென்ட் அது தேவையில்லை என்றார்.

ரவி, வயர்மேன்

அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், மீட்டர் படம், பழைய பில்லின் 12 இலக்கக் கணக்கு எண். இவற்றோடு myTNB செயலியில் விண்ணப்பிக்கலாம். குழந்தையை வைத்துக்கொண்டு கரண்ட் இல்லாமல் இருப்பதால் நேரே TNB-யின் கவுன்டரான கெடாய் தெனாகாவுக்குப் போய்விடுங்கள், கேள்வி வந்தால் அங்கேயே பதில் சொல்லிவிடலாம். "எனக்குப் புதுக் கணக்கு வேண்டும், பழைய பாக்கி முந்தைய வாடகைக்காரருடையது" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் புதுக் கணக்கு எண் வரும். சாகாரான் ஏறக்குறைய இரண்டு மாத பில் அளவுக்குக் கேட்பார்கள், மின்கணக்கு ஒப்பந்தத்தின் முத்திரைக்கு 10 வெள்ளி தனி. வீட்டைக் காலி செய்யும்போது கணக்கை நீங்களே மூடினால் சாகாரான் கடைசி பில் போக உங்களுக்கே திரும்பும். மூடாமல் போனால் அடுத்து வருபவருக்கு நீங்கள்தான் அந்தப் பழைய ஆள்.

இன்னொன்று. கரண்ட் திரும்பும்வரை மெயின் சுவிட்சைக் கீழே இறக்கி வையுங்கள். வந்த பிறகு மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஏர்கோனும் குளிர்பெட்டியும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டாம்.

தேவி, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை

முத்திரை தேவையில்லை என்பது தவறு. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் போட வேண்டும், தாமதித்தால் அபராதம். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. உங்களுக்கு 1,500 பெருக்கல் 12, அதாவது 18,000. அதை 250-ஆல் வகுத்தால் 72 வெள்ளி. நகலுக்கு 10. முன்பு முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது, 2025 தொடக்கத்திலிருந்து அது இல்லை. வருமான வரி வாரியத்தின் இணையதளத்திலேயே கட்டலாம், சான்றிதழை உடனே இறக்கிக்கொள்ளலாம்.

முத்திரை இருந்தால்தான் நாளை வீட்டுக்காரரோடு தகராறு வந்தாலும் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லும். இணையத்துக்காரர்களிடம் காட்டவும் அதுவே உதவும்.

அருள், இணைய நிறுவனம் ஒன்றின் ஒப்பந்த வேலையாள்

இணையத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்கு வரும் பைபர் இழையில் ஒரு சேவை ஓடும்போது அதே நிறுவனம் இன்னொன்றைப் பதிவு செய்யாது. பழைய வாடகைக்காரர் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை என்றுதான் பொருள். அவரைத் தேட வேண்டாம். முத்திரை போட்ட ஒப்பந்தத்தைக் கொடுத்து, முகவரியை விடுவிக்கச் சொல்லி எழுதுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

சுவரில் அவர் விட்டுப் போன வெள்ளைப் பெட்டி இருந்தால், கரண்ட் வந்ததும் அதன் விளக்கைப் பாருங்கள். PON பச்சையாக நிலையாக எரிந்தால் இழை நன்றாக இருக்கிறது, கணக்கு மட்டுமே தடை. LOS சிவப்பாக மின்னினால் இழை எங்கோ அறுந்தோ மடங்கியோ கிடக்கிறது. அப்போது ஆள் வர வேண்டும், ஆள் வர நிர்வாக அலுவலகத்தின் அனுமதிக் கடிதமும் வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அது பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து.

கீழே நிர்வாகத்தில், கட்டடத்துக்குள் எந்தெந்த நிறுவனங்கள் கேபிள் போட்டிருக்கின்றன என்று கேளுங்கள். இரண்டாவது நிறுவனத்துக்குத் தனி இழை இருந்தால் இந்தச் சிக்கலே இல்லாமல் அங்கே போய்விடலாம். ஒன்று மட்டும் கவனம்: பெரும்பாலான திட்டங்கள் 24 மாத ஒப்பந்தம், உங்கள் வாடகையோ 12 மாதம். நடுவில் நிறுத்தினால் அபராதம். வீடு மாறினால் சேவையையும் மாற்ற முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

மீனா, கிளாங்

கேஸுக்கு: அந்த மஞ்சள் குழாயில் ஏதாவது மாட்டிவிடாதீர்கள். அடுக்குமாடிகளில் இரண்டு வகை வரும். சிலவற்றில் கீழே மொத்தமாகத் தோங் வைத்து, அதே எல்பிஜியைக் குழாயில் அனுப்புகிறார்கள். சிலவற்றில் இயற்கை எரிவாயு. உங்கள் ஊர் அடுப்பு எல்பிஜிக்குச் செய்தது. இயற்கை எரிவாயுவுக்கு நாசில் துளை பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீ சிறுத்து எரியும். மாறாக இயற்கை எரிவாயு அடுப்பை எல்பிஜியில் போட்டால் மஞ்சள் தீ உயர்ந்து சட்டியைக் கருக்கும், அது ஆபத்து. அடுப்பின் அடியில் எந்த வாயு என்று ஒட்டியிருக்கும். குழாயில் என்ன வருகிறது என்று நிர்வாகத்தைக் கேட்டு, இரண்டும் பொருந்தினால் மட்டும் பதிவு பெற்ற ஆளை வைத்து இணையுங்கள்.

தோங் அனுமதி இருந்தால் செலவு குறைவுதான். தீபகற்பத்தில் 14 கிலோ 26.60 வெள்ளி, கொண்டு வந்து மாடி ஏற்ற மேலே கொடுக்க வேண்டும். ஆனால் கட்டடம் வேண்டாம் என்றால் வேண்டாம், தீ விபத்து நடந்தால் காப்பீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சாந்தி, பட்டர்வொர்த்

ரவி, அந்த சாகாரான் விஷயம் எனக்குத் தெரியாது, நல்லதா போச்சு சொன்னது. தம்பி, அதுவரைக்கும் குழந்தையைப் பக்கத்து வீட்டுல உட்கார வைங்க, சுடுதண்ணி பிளாஸ்க்ல வாங்கி வச்சுக்குங்க. யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

முகிலன்

எல்லாருக்கும் நன்றி. முத்திரையை இரவே போட்டேன், பக்கத்து வீட்டு சைனீஸ் பாட்டி வீட்டில் போனுக்கு சார்ஜும் போட்டுக்கொண்டேன். காலையில் கவுன்டரில் ஒப்பந்தத்தையும் மீட்டர் படத்தையும் பார்த்தார்கள், பழைய பாக்கியை என்னிடம் கேட்கவில்லை. சாகாரான் 260 வெள்ளி கட்டினேன். மாலையில் கரண்ட் வந்துவிட்டது. ரவி அண்ணே சொன்னபடி ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

பெட்டியில் PON பச்சையாக எரிகிறது, ஆகவே கணக்குத்தான் பாக்கி. புகார் எண் வாங்கியிருக்கிறேன், விடுவிக்க எவ்வளவு நாளாகும் என்று சொல்லவில்லை. கட்டடத்தில் இன்னொரு நிறுவனமும் இருக்கிறதாம், அவர்களிடம் விலை கேட்கிறேன். மனைவி இப்போதைக்கு என் போன் இணையத்தில் வேலை செய்கிறார்.

குழாயில் என்ன வருகிறது என்று நிர்வாகத்தில் இருக்கும் ஆளுக்கே தெரியவில்லை, திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். அதுவரை இன்டக்ஷன் அடுப்பு. அருள் அண்ணே, பழைய சேவையை விடுவிக்க ஏஜென்ட் கையெழுத்து கேட்டால் என்ன செய்வது? அந்த மனிதர் இன்னும் போன் எடுக்கவில்லை.

அருள், இணைய நிறுவனம் ஒன்றின் ஒப்பந்த வேலையாள்

வீட்டுக்காரரிடம் மின்னஞ்சலில் ஒரு சம்மதம் கேளுங்கள், அவர் பெயர் ஒப்பந்தத்தில் இருப்பதால் அது போதுமானதாக இருக்கலாம். சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள், சில இடங்களில் கேள்வி கேட்கிறார்கள். இரண்டாவது நிறுவனம் சரியாக வந்தால் அதையே எடுங்கள், காத்திருக்க வேண்டாம்.