3/4 காதல் பாட்டு அசைந்தாட மாட்டேன் என்கிறது, உதவி தேவை

அடுத்த மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அதற்கு மெட்டமைத்த மென்மையான காதல் பாட்டு 3/4 வால்ட்ஸில் இருக்கிறது. ஜி மேஜர், நிமிடத்துக்கு 96 தட்டு. நைலான் கம்பி கிட்டார், கீபோர்டு, தபலா, ஒரு பாடகி.

பல்லவி மெல்ல ஆட வேண்டிய இடத்தில் 'டும் சக் சக்' என்று பேண்டு வாத்தியம் போல இடிக்கிறது.

இரண்டாம், மூன்றாம் தட்டுகளில் கார்டை அடிப்பதை நிறுத்தி, கம்பிகளைத் தனித்தனியாக மீட்டிப் பார்த்தோம். கொஞ்சம் இளகியது. அப்புறம் ஜி கார்டு நிற்கும் இடங்களில் பேஸை ஒரு பாரில் ஜி, அடுத்த பாரில் டி என்று மாற்றினோம். இரண்டு பார் சேர்ந்து ஒரே அசைவாக வந்தது, நன்றாகவே இருந்தது. வேகத்தை 84க்கு இறக்கினால் நீண்ட வரிகளில் பாடகிக்கு மூச்சு போதவில்லை.

தபலா சேர்ந்ததும் எல்லாம் போகிறது. தாத்ரா தாளத்தில் தா தின் நா, தா தூ நா என்று ஆறு தட்டும் நிரம்பிவிடுகிறது, கிட்டார் விட்ட இடைவெளியே கேட்பதில்லை. தபலாவை விடவும் முடியாது, வாசிப்பவர் மாப்பிள்ளையின் சித்தப்பா!

பல்லவியில் அந்த ஆறு தட்டில் எவற்றை மட்டும் தபலா வாசித்தால் வால்ட்ஸ் அசைவு நிற்கும்?