தேன் பாட்டில் உடைந்துவிட்டது, டீச்சருக்கு என்ன பதில் எழுதுவது?

மார்த்தாண்டம் தேன்கடை:
பாலக்காட்டு டீச்சர் ஒருவருக்கு அரைக்கிலோ கண்ணாடி பாட்டில் மூன்று, 1,350 ரூபாய்க்கு அனுப்பினேன். ஒன்று உடைந்து, மற்ற இரண்டும் தேனில் குளித்துப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் விசேஷமாம். போட்டோ அனுப்பி, "பெட்டியைச் சுற்றி எறும்பு" என்று மட்டும் எழுதியிருக்கிறார். திட்டவில்லை, அதுதான் சங்கடம். "கூரியர்காரர்கள் தவறு, அவர்களிடம் புகார் கொடுங்கள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

செங்கோட்டை துணிக்கடை:
பெட்டி பிரிக்கிற வீடியோ கேளுங்கள். இல்லையென்றால் பணம் கிடையாது என்று சொல்லுங்கள். என் கடையில் அப்படித்தான்.

கம்பம் மசாலா:
தேன் இறுகிப் போச்சா? வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

குமுளி ஏலக்காய்:
இறுகவில்லை தம்பி, உடைந்திருக்கிறது.

தேன்கடை அண்ணே, அதை அனுப்பாதீர்கள். போட்டோவில் அட்டைப்பெட்டியின் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா? மூலை நசுங்காமல் உள்ளே மட்டும் உடைந்திருந்தால், பெரும்பாலும் பாட்டிலோடு பாட்டில் மோதியிருக்கும். அது நம் பேக்கிங் கோளாறு, கூரியரும் அதையே சொல்லிக் கைவிரிப்பான். எப்படியும் டீச்சர் பணம் கொடுத்தது உங்களுக்குத்தான்.

வீடியோ சேலைக்குச் சரி. இங்கே போட்டோவே பேசுகிறது.

முதலில் கண்ணாடியைப் பற்றி எழுதுங்கள், பணம் அப்புறம். இப்படி:

"டீச்சர், மன்னிக்கவும், பேக்கிங் எங்கள் தவறு. சிந்திய தேனை வடிகட்டிக்கூடப் பயன்படுத்த வேண்டாம், கண்ணாடித் தூள் இருக்கும். வெறுங்கையால் துடைக்காதீர்கள். மற்ற இரண்டில் மூடி சீல் பிரியாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் கழுவிப் பயன்படுத்தலாம். சந்தேகமிருந்தால் அவற்றுக்கும் நாங்களே பொறுப்பு. எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். உடைந்ததற்கு 450 ரூபாய் இன்றே அனுப்பட்டுமா, வேறு பாட்டில் அனுப்பட்டுமா? நாளை அனுப்பினாலும் சனிக்கிழமைக்குள் வரும் என்று உறுதி சொல்ல முடியவில்லை."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வரும் என்று சொல்லி வராமல் போனால் விசேஷ நாளில் உங்கள் பெயர்தான் கெடும்.

மார்த்தாண்டம் தேன்கடை:
மூலைகள் அப்படியே இருக்கின்றன. மூன்றையும் ஒரே பேப்பரில் சுற்றியிருந்தேன், வெட்கமாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடி எழுதினேன். பணமே போதும், விசேஷத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரு பாட்டிலில் மூடி ஓரம் ஒட்டுகிறது என்றதால் அதற்கும் சேர்த்து 900 அனுப்பிவிட்டேன்.

செங்கோட்டை துணிக்கடை:
ஒட்டுகிறது என்றதற்கே 450 ரூபாயா? சிந்தின தேன்தானே அது!

குமுளி ஏலக்காய்:
இருக்கலாம். ஆனால் இங்கிருந்து எப்படிப் பார்ப்பது? இனி பாட்டிலைத் தனித்தனியாகச் சுற்றி, நடுவில் அட்டைத் தடுப்பு வைத்து, மூடிய பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே அசைந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

மார்த்தாண்டம் தேன்கடை:
கண்ணாடியையே விட்டுவிட்டு பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். கண்ணாடியில் இருந்தால்தான் நல்ல தேன் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?