மாசத்துக்கு ஏழெட்டு தடவைதான் வண்டி வேணும்: சந்தா காரா, ஆப் டாக்ஸியா, சொந்தமா?

மழைக்குருவி: இந்த நாட்டுக்கு வந்து மூணு மாசம் ஆகுது. ஆபீஸுக்கு ட்ரெயின், அதனால தினமும் வண்டி தேவையில்ல. வாரம் ஒருதடவை மளிகை வாங்கப் போகணும், மாசம் ரெண்டு தடவை குழந்தையோட டாக்டர் இல்லன்னா கிளாஸ், ஒருதடவை ஊருக்கு வெளிய இருக்கற சொந்தக்காரங்க வீடு. அவ்வளவுதான். கார் சப்ஸ்கிரிப்ஷன்ல மாசம் ஒரே தொகை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அதிலேயே அடங்கிடும்னு சொல்றாங்க. மாசக் கடைசியில திடீர்னு ஒரு செலவு வந்து நிக்கக் கூடாது, அதுதான் என் பயம். எடுக்கலாமா?

பாதிவழி: எடுங்க ப்ரோ, யோசிக்கவே வேணாம். இடிச்சா அவங்க பாத்துப்பாங்க, டயர் தேஞ்சா அவங்க மாத்திக் குடுப்பாங்க. நமக்கு பெட்ரோல் மட்டும்தான்.

வேலிக்கொடி: மாசத் தவணைன்னா வட்டியை நல்லா பாருங்க தம்பி. நான் அஞ்சு வருஷம் கட்டினேன், முடிஞ்சதும் வண்டி என் பேருக்கு வந்துடுச்சு. ஆனா வட்டியா கட்டினதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

மழைக்குருவி: அண்ணா, இது லோன் இல்ல. எத்தனை மாசம் கட்டினாலும் வண்டி நமக்கு வராது, திருப்பிக் குடுத்துடணும்.

வேலிக்கொடி: அப்படின்னா அது வாடகைதானே! புதுப் பேரு வச்சிருக்காங்க.

பழைய ஸ்டீயரிங்: வாடகைதான், நீண்ட நாள் வாடகை. தம்பி, முதல்ல இந்த ஊர்க் காசை மறந்துடுங்க. வீட்டிலேர்ந்து கடைக்குப் போக ஆப்ல வர்ற ஒரு வழிக் கட்டணத்தை "ஒரு சவாரி"ன்னு வச்சுக்கோங்க. மத்த எல்லாச் செலவையும் அந்தச் சவாரியாலயே அளந்து பாருங்க. சந்தா எத்தனை சவாரி, இன்சூரன்ஸ் எத்தனை சவாரின்னு எழுதிட்டு வாங்க. பழைய சின்னக் கார் ஒண்ணுக்கும் விலை கேட்டுடுங்க.

மழைக்குருவி: எழுதிட்டேன் அக்கா. சந்தா மாசம் 48 சவாரி, பெட்ரோல் தனி. பழைய கார் 500 சவாரி. மூணு வருஷம் கழிச்சு வித்தா 280 கிடைக்கும்னு அதே மாடல்ல மூணு வருஷம் பழசா இருக்கற வண்டி விலையை வச்சுக் கணக்குப் போட்டேன். இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 96, புதுசா வந்தவன்கிறதால கூடக் கேக்கறாங்க. வரி, சோதனை, சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து வருஷம் 60. பார்க்கிங் மாசம் 6. பெட்ரோல் மாசம் 2 வரும்.

பழைய ஸ்டீயரிங்: நல்லா எழுதியிருக்கீங்க. சொந்த வண்டியில 220 சவாரி தேய்மானம், 36 மாசத்துக்கு வகுத்தா 6. இன்சூரன்ஸ் 8, வரி சர்வீஸ் வகையறா 5, பார்க்கிங் 6, பெட்ரோல் 2. ஆக மாசம் 27. இதுல 25, வண்டி நகராம நின்னாலும் போகுது. கம்மியா ஓட்டறவங்க ஏமாறறது இங்கதான். "நான் கம்மியாத்தானே ஓட்டறேன், கம்மியாத்தானே ஆகும்"னு நினைப்பாங்க. கம்மியாகறது பெட்ரோல் மட்டும்தான்.

இப்ப டாக்ஸி. மளிகைக்கு நாலு தடவை போய்வர 8, டாக்டர் கிளாஸுக்கு 4, ஆக 12. வெளியூர் வீட்டுக்கு ஒரு வழிக்கு எவ்வளவு காட்டுது?

மழைக்குருவி: 12 சவாரி. போய்வர 24. அப்ப மொத்தம் 36 ஆகுதே, சொந்த வண்டியைவிட ஜாஸ்தி!

பழைய ஸ்டீயரிங்: அந்த 24-தான் கணக்கைக் கெடுக்குது. அந்த ஒரு பயணத்தை மட்டும் தனியாப் பிரிங்க. அன்னைக்கு ஒருநாள் வாடகைக் கார் எடுத்தா என்ன ஆகும்?

மழைக்குருவி: பெட்ரோலோட 7 சவாரி.

பழைய ஸ்டீயரிங்: அப்ப 12-ம் 7-ம், 19. சந்தா, பெட்ரோல் சேர்த்து 50. உங்க ஓட்டத்துக்கு அது சரிவராது. ஆப் டாக்ஸியும் ஒருநாள் வாடகையும் கலந்து போங்க. ஊருக்குள்ள மாசம் 20 ஒரு வழிச் சவாரியைத் தாண்டினா அந்தக் கலவையும் 27-ஐத் தாண்டிடும், அப்ப சொந்த வண்டியைப் பத்தி யோசிங்க. அதாவது இப்ப போறதுக்கு மேல வாரம் இன்னொரு தடவை போய்வந்தாலே அந்தக் கோட்டுல வந்து நிப்பீங்க. ஒரு மாசம் ஒவ்வொரு பயணத்தையும் நோட்டுல குறிச்சு வைங்க. மழை நேரத்துல, கூட்ட நேரத்துல ஆப் கட்டணம் ஏறும், அதையும் அப்படியே எழுதுங்க.

பாதிவழி: எல்லாம் சரிக்கா, ஆனா சந்தாவுல நிம்மதி இருக்கே. எதிர்பாராத செலவே கிடையாது.

பழைய ஸ்டீயரிங்: பாதி சரி. சர்வீஸும் சாதாரணத் தேய்மானமும் பெரும்பாலும் அவங்க பொறுப்புதான். ஆனா இடிச்சா முதல்ல ஒரு தொகை உங்க கையிலேர்ந்து போகும், எக்ஸஸ்னு ஒப்பந்தத்துல இருக்கும். அது ஒரு மாசச் சந்தாவைவிடப் பெருசா இருந்து பாத்திருக்கேன். எவ்வளவுன்னு கையெழுத்துக்கு முன்னாடியே தேடிப் படிங்க. சேரும்போது ஒரு கட்டணம் உண்டா, குறைஞ்சது எத்தனை மாசம், நிறுத்த எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், மாசம் இத்தனை கிலோமீட்டர்னு அளவு இருந்தா ஓட்டாத கிலோமீட்டர் அடுத்த மாசத்துக்குப் போகுமா, இதையும் கேளுங்க. வண்டியை வாங்கும்போதும் திருப்பிக் குடுக்கும்போதும் நாலு பக்கமும் வீடியோ எடுத்து வைங்க. ஒரு கீறலுக்காக என் தங்கச்சி ரெண்டு வாரம் வாதாடினா.

இன்னொண்ணு, பலர் கவனிக்கறதில்ல. சந்தாவுல இன்சூரன்ஸ் அவங்க பேர்ல இருக்கும். நீங்க ரெண்டு வருஷம் ஒரு கீறல்கூட இல்லாம ஓட்டினாலும், பல இடங்கள்ல உங்க பேர்ல நோ கிளைம் வருஷம் சேராது. பின்னாடி சொந்தமா வாங்கும்போது மறுபடி புது ஆள்தான், அதே 96 கேப்பாங்க. முன்னாடி இருந்த நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட கிளைம் பண்ணலைன்னு ஒரு கடிதம் வாங்கி வைங்க. சில கம்பெனிகள் ஏத்துக்கும், சிலது ஏத்துக்காது. நாலு இடத்துல காட்டிப் பாருங்க.

கிழக்கு ஜன்னல்: என் கதையையும் கேளுங்க. மலிவாக் கிடைச்சுதுன்னு பழைய கார் வாங்கி வாசல்ல நிறுத்தினேன். குளிர்ல ஒரு மாசம் தொடவே இல்ல. ஒருநாள் அவசரமாக் கிளம்பணும், சாவியைத் திருப்பினா டக் டக் டக்னு சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்கி மங்கி எரியுது, இன்ஜின் சுத்தவே இல்ல. பேட்டரி செத்துப் போச்சு. அன்னைக்கு டாக்ஸிதான். வாங்கினாலும் வாரம் ஒருதடவை அரை மணி நேரமாவது ஓட்டணும்னு மெக்கானிக் சொன்னார். இப்ப வேலையே இல்லாம வண்டியை ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன், நாய் நடத்தற மாதிரி!

பழைய ஸ்டீயரிங்: அதேதான். நின்ன வண்டியில பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க்ல துருப் பிடிக்கும், டயர்ல காத்து குறையும்.

பாதிவழி: அப்ப சந்தா யாருக்குத்தான்?

பழைய ஸ்டீயரிங்: ரெண்டு மூணு மாசம் மட்டும் தினமும் வண்டி வேணும்னா, இல்ல ஒரு வருஷத்துல ஊர் மாறுவோம்னு தெரிஞ்சா. குழந்தை பிறக்கறப்போ என் பக்கத்து வீட்டுக்காரங்க மூணு மாசம் எடுத்தாங்க, அது நியாயம். தம்பி, உங்க லைசென்ஸ் இன்னும் பழைய நாட்டுதா? வாடகை, சந்தா ரெண்டுக்குமே சில இடங்கள்ல உள்ளூர் லைசென்ஸ் கேப்பாங்க. வெளிநாட்டு லைசென்ஸ்ல ஓட்ட காலக்கெடுவும் இருக்கும், தேதியைப் பாத்துக்கோங்க.

மழைக்குருவி: இன்னும் மாத்தல அக்கா, இந்த வாரமே பாக்கறேன். ஆனா ஒண்ணு இடிக்குது. குழந்தைக்கு ரெண்டு வயசு. ஆப் டாக்ஸியில குழந்தை சீட் இருக்காது. அந்தக் கனமான சீட்டைக் கையில தூக்கிட்டு மளிகைப் பையோட நிக்கணுமே.

கிழக்கு ஜன்னல்: மடக்கற மாதிரி லேசான சீட் வருது, நாங்க அதைத்தான் தூக்கிட்டுப் போவோம். ஆனா சில டிரைவர் அதை மாட்டற நேரத்துக்கு முகம் சுளிப்பாங்க.

பாதிவழி: டாக்ஸியில சீட் இல்லாமலே போகலாம், பரவாயில்லைன்னு எனக்கு ஒருத்தர் சொன்னார்.

பழைய ஸ்டீயரிங்: ஒவ்வொரு நாட்டுலயும் டாக்ஸிக்கு விதி வேற, அதை நம்பாதீங்க. சட்டம் விட்டாலும் நான் சீட் இல்லாம உக்காரவைக்க மாட்டேன்.

மழைக்குருவி: ராத்திரி காய்ச்சல்னா ஆப்ல வண்டி வரலைன்னு வைங்க, அப்ப?

பழைய ஸ்டீயரிங்: அதுக்கு என் கணக்குல விடை இல்ல தம்பி. ரெண்டு மூணு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆப்பைத் திறந்து, வண்டி எத்தனை நிமிஷத்துல வரும்னு காட்டுதுன்னு மட்டும் பாருங்க. நாப்பது நிமிஷம்னு வந்தா 27-க்கும் 19-க்கும் நடுவுல இருக்கற எட்டு சவாரியைக் குடுத்துச் சொந்த வண்டி வச்சுக்கலாம்னு உங்களுக்கே தோணலாம்.

மழைக்குருவி: இன்னைக்கு ராத்திரியே பாக்கறேன். எப்படியும் அவன் ரெண்டு மணிக்கு எழுப்பிடுவான்.