பார்த்து எழுதியதாகக் குற்றச்சாட்டு: கமிட் வரலாறு போதுமா?

சிப்புட் மாணவி: செம்பனைக் குலைகளின் எடையை வைத்து அறுவடைக் கூலி கணக்கிடும் நிரலை இறுதியாண்டுப் பணியாக எழுதினேன். சக மாணவரின் நிரலோடு ஒத்துப்போகிறதாம், பார்த்து எழுதியவள் நான்தானாம். ஐந்து வாரங்களில் நிரலின் மாற்றங்களை Git-இல் பதிந்துவைத்த 38 கமிட்களும் மூன்று அறிக்கை வரைவுகளும் என்னிடம் இருக்கின்றன. மேல்முறையீட்டுக் கடிதத்தில் என்ன எழுதுவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: 38 கமிட்களையும் அச்சடித்து இணைத்துவிடு, மகளே. தேதி போட்ட ஆதாரத்தை யார் மறுக்க முடியும்? தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை என்பதையும் முதல் பத்தியிலேயே எழுது.

கங்சார் நிரலர்: ஐயா, அந்தத் தேதியை யாரும் மாற்றலாம். இது ஒரு வரி வேலை:

```
GIT_COMMITTER_DATE="2024-03-01T21:00:00" git commit --date="2024-03-01T21:00:00"
```

மறுபக்கம் இதைத்தான் முதலில் கேட்கும். தங்கச்சி, GitHub-இல் ஏற்றியிருந்தால் களஞ்சியத்தின் Activity பக்கத்தைப் பாருங்கள். அங்கே தெரிவது push வந்து சேர்ந்த நேரம். உங்கள் கணினி சொன்ன நேரமல்ல.

சிப்புட் மாணவி: வீட்டில் இணையம் சரியாகக் கிடைக்காது. ஞாயிறுதோறும் பட்டணத்துக்குப் போய் ஏற்றினேன்.

கங்சார் நிரலர்: ஐந்து ஞாயிறுகளே போதும். அடுத்து, இரண்டு நிரல்களும் ஒத்துப்போகும் இடங்களில் உங்கள் பழைய பிழை ஏதாவது இருக்கிறதா?

பினாங்கு அக்கா: எனக்கும் இப்படித்தான் ஆனது! Turnitin என் கட்டுரையில் 60 விழுக்காடு காட்டியது. பார்த்தால், முன்பு நானே சமர்ப்பித்த வரைவோடுதான் ஒத்துப்போயிருந்தது.

கங்சார் நிரலர்: அது வேறு கதை, அக்கா. இங்கே எதிரில் இன்னொரு மனிதர் நிற்கிறார்.

சிப்புட் மாணவி: இருக்கிறது! `berat_tandan` என்று எழுத வேண்டிய பெயரை `berat_tandn` என்று தட்டியிருந்தேன். நான்காம் வாரத்தில் திருத்தினேன். அவருடைய நிரலில் அது அப்படியே இருக்கிறது.

கங்சார் நிரலர்: கடிதத்தின் நடு எலும்பு அதுதான். பிழை நுழைந்த கமிட், திருத்திய கமிட், அவர் கோப்பில் அதே வரி, மூன்றையும் அருகருகே வையுங்கள். அவருடைய நிரல் உங்கள் மூன்றாம் வாரத்து நிலையை ஒத்திருக்கிறது, முடிந்த நிரலை அல்ல என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 38 கமிட்களையும் குழு படிக்காது. ஐந்தாறு போதும், மீதிக்கு இணைப்பு கொடுங்கள்.

சந்தேகி: இருவரும் தனித்தனியே அதே எழுத்தை விட்டிருக்கலாமே?

கங்சார் நிரலர்: ஒரு முறை விடலாம். எத்தனை வரிகளில் வந்திருக்கிறது?

சிப்புட் மாணவி: பதினொன்றில். ஆனால் ஒன்றைச் சொல்லவில்லை. மூன்றாம் வார முடிவில் அவர் கேட்டார் என்று கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

சந்தேகி: அப்படியானால் கொடுத்த தவறு உங்களுடையது. பல பல்கலைக்கழகங்கள் அதையும் விதிமீறலாகவே பார்க்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அதைக் கடிதத்தில் எழுதாதே, மகளே!

கங்சார் நிரலர்: எழுதத்தான் வேண்டும், ஐயா. கோப்பு அவர் கைக்கு எப்படிப் போனது என்பதே அடுத்த கேள்வி. வாட்ஸ்அப் செய்தியின் நேரமும் இவர் பக்கமே பேசுகிறது.

சந்தேகி: பேசும், ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும்.