போர்வெல் மோட்டார் ஃபால்ட் பத்தியை ஆம்/இல்லை படமாக்க உதவி வேண்டும்

ஆலங்குளம் பட்டறை:
அண்ணாச்சிமாரே, கொஞ்சம் அவசரம். கீழே உள்ள பத்தியை ஆம்/இல்லை கிளைகளாக வரைந்து பட்டறைச் சுவரில் ஒட்டச் சொல்கிறார் முதலாளி. பாதியிலேயே சிக்கிவிடுகிறது.

"மோட்டார் ஓடவில்லை என்றால் மூன்று பேஸும் வருகிறதா பார்க்கவும். வந்தால் ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறதா பார்த்து ரீசெட் செய்யவும். இல்லையென்றால் நோ வோல்ட் காயிலைப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றவும். மறுபடி ட்ரிப் ஆனால் மெக்கர் போடவும்."

திசையன்விளை தோட்டம்:
எங்கள் தோட்டத்திலும் இதே கதைதான். கடைசியில் கண்டன்சர் போயிருந்தது. முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

கடையம் வைண்டிங்:
என்ன மோட்டார்? சிங்கிள் பேஸா, மூன்று பேஸா? என்ன ஸ்டார்டர்?

ஆலங்குளம் பட்டறை:
மோட்டார் எதுவும் கெடவில்லை, படம்தான் வேண்டும். மூன்று பேஸ் சப்மெர்சிபிள், 5 ஹெச்.பி., டி.ஓ.எல். ஸ்டார்டர்.

பாளை சீனியர்:
ஐ.டி.ஐ. முதல் வருடப் பையன் போடுகிற படம் இது. 'என்றால்' வருகிற இடத்தையெல்லாம் கட்டமாக்கு, முடிந்தது. இதற்கு ஓர் இழையா?

அம்பை மெக்கானிக்:
அப்படிப் போட்டால் தம்பி சொன்ன இடத்திலேயேதான் நிற்கும். சிக்கல் அந்த 'இல்லையென்றால்'. எது இல்லையென்றால்? பேஸ் வராவிட்டாலா, ரிலே ட்ரிப் ஆகாவிட்டாலா, ரீசெட் செய்தும் ஓடாவிட்டாலா? மூன்றுக்கும் கிளை வேறு வேறு இடத்துக்குப் போகும். எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள், நாமாக ஊகிக்க வேண்டாம்.

அடுத்து, 'ரீசெட் செய்யவும்' என்பது வேலை, கேள்வி இல்லை. வேலை முடிந்ததும் 'ஓடுகிறதா?' என்று ஒரு கேள்வி வர வேண்டும். 'தேவைப்பட்டால் மாற்றவும்' என்பதிலும் கேள்வி ஒளிந்திருக்கிறது. எதைப் பார்த்து, தேவை என்று முடிவு செய்வது? மீட்டர் வைத்துச் சொல்லும்படி எழுதுங்கள். காயில் 415 வோல்ட் என்று வைத்து நான் இப்படிப் போடுவேன்:

1. ஸ்டார்டருக்கு வரும் பக்கம், பேஸுக்கும் பேஸுக்கும் இடையே மூன்று ஜோடியிலும் 415 வோல்ட் அளவில் வருகிறதா? இல்லை: சப்ளையைப் பார். ஆம்: 2.
2. ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறதா? ஆம்: ஒரே ஒரு முறை ரீசெட் செய்து, 3. இல்லை: 3.
3. பச்சை பட்டனை அழுத்தினால் ஸ்டார்டர் இழுக்கிறதா? ஆம்: 5. இல்லை: 4.
4. பட்டனை அழுத்தியபடி காயில் முனைகளில் வோல்ட் வருகிறதா? ஆம்: காயில் போய்விட்டது, மாற்று. இல்லை: சிவப்பு பட்டன், ரிலே கான்டாக்ட், ப்ரிவென்டர்.
5. மோட்டார் பக்கம் மூன்று ஜோடியிலும் வோல்ட் வருகிறதா? இல்லை: ஸ்டார்டர் கான்டாக்ட். ஆம், ஆனாலும் ஓடவில்லை அல்லது மறுபடி ட்ரிப்: மெயினை அணைத்து, கேபிளைக் கழற்றி மெக்கர்.

ஐந்தாவது உங்கள் பத்தியில் கிடையாது. ஸ்டார்டர் இழுத்தும் மோட்டார் ஓடாவிட்டால் என்ன செய்வது என்று அது சொல்லவே இல்லை. கிளை வரைந்தால்தான் அந்த ஓட்டை தெரியும்.

பாளை சீனியர்:
ஒன்றாவதுக்கு எதற்கு மீட்டர்? டெஸ்ட் லாம்பே போதும்.

அம்பை மெக்கானிக்:
போதாது அண்ணாச்சி. டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், செத்த பேஸிலும் அதன் வைண்டிங் வழியாகத் திரும்பி வோல்ட் வரும், லாம்ப் எரியும். பையன் 'ஆம்' என்று போய்விடுவான். முதல் கேள்விக்குத் தப்பான பதில் வந்தால் கீழே உள்ளதெல்லாம் வீண்.

கடையம் வைண்டிங்:
எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கவில்லை. ட்ரிப் ஆகியிருந்தால் ரீசெட்டே கூடாது, நேரே மெக்கர். எர்த் ஆன வைண்டிங்கில் மறுபடி சப்ளை கொடுத்து, ரீவைண்டிங் செலவை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

அம்பை மெக்கானிக்:
வோல்ட் குறைந்தும் ட்ரிப் ஆகும், ஒரு பேஸ் போயும் ஆகும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் கேபிளைக் கழற்றினால் பொழுது போய்விடும். அதனால்தான் ஒரே முறை என்று போட்டேன்.

கடையம் வைண்டிங்:
அந்த ஒரு முறை போதும், எரிய. அப்புறம் மெக்கரோடும் படம் முடியாது. மேலே கேபிள் முனையில் மெக்கர் போட்டு, ஒரு மெகா ஓமுக்கும் குறைவாகக் காட்டினால் கெட்டது கேபிளா, ஜாயின்டா, வைண்டிங்கா? பம்பைத் தூக்கி ஜாயின்டை வெட்டித் தனித்தனியாகப் போட்டால்தான் தெரியும். அதையும் ஒரு கேள்வியாகச் சேர்.

ஆலங்குளம் பட்டறை:
முதலாளியிடம் கேட்டேன். 'ரிலே ட்ரிப் ஆகாவிட்டால்' என்பதுதான் அர்த்தமாம். ஐந்தாவதையும் ஜாயின்ட் கேள்வியையும் சேர்த்துவிட்டேன். ரீசெட்டா மெக்கரா என்பதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை, அந்தக் கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.