நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி பில் கேட்கிறார்கள்

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். நம் தெரு நாடகக் குழுவின் மார்கழி நாடகத்துக்கு 300, 500, 750 என்று டிக்கெட் அச்சடிக்கப் போகிறோம். ஒரு கம்பெனிக்காரர் 750 டிக்கெட்டில் பத்து எடுக்கிறேன், ஆனால் ஜிஎஸ்டி பில் வேண்டும் என்கிறார். நம்மிடம் ஜிஎஸ்டி எண் இல்லை. என்ன செய்ய?

சேகர் மாமா: இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? டிக்கெட் என்றால் 18% உண்டு. 750 + ஜிஎஸ்டி என்று அச்சடித்து வாங்கிவிடு.

ரேவதி அக்கா: மாமா, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்று தலைப்புப் போட்டுத் தரவும் கூடாது. கார்த்தி, வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு வரும்?

கார்த்தி: டிக்கெட், விழா மலர் விளம்பரம் எல்லாம் சேர்த்து நாலு லட்சம் தாண்டாது அக்கா.

ரேவதி அக்கா: அப்படியானால் பதிவே தேவையில்லை. சேவைக்கு 20 லட்சம்தான் வரம்பு. கம்பெனிக்காரருக்குச் சாதாரண ரசீது கொடு. குழுவின் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, அவர் கம்பெனி பெயர், நாடகத் தேதி, '750 x 10 = 7,500', கையெழுத்து. 5,000-க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டு. செலவுக் கணக்கில் காட்ட அவருக்கு இது போதும். கட்டாத வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

செல்வி: ஆன்லைன் ஆப்பில் விற்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாமே? என் அண்ணன் பொம்மை விற்க அப்படித்தான் எடுத்தார்.

ரேவதி அக்கா: அது பொருளுக்கு, அதிலும் 2023 அக்டோபருக்குப் பிறகு மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்குத் தளர்வு வந்துவிட்டது. நாம் விற்பது சேவை. 20 லட்சத்துக்குள் இருந்தால் ஆப் வழியாக விற்றாலும் விலக்கு இருக்கிறது. ஆப் தனியாக எடுக்கும் கட்டணத்துக்கு அவர்களே பில் போடுவார்கள், அதை நம் கணக்கோடு சேர்க்க வேண்டாம்.

பொன்னம்மா அத்தை: ரசீது என்றதும் ஞாபகம் வந்தது. என் போன மாத மெயின்டனன்ஸ் ரசீது இன்னும் வரவில்லை.

கார்த்தி: அத்தை, அது வேறு குழு 😅

ஜாபர் அண்ணன்: எனக்கு ஒரு சந்தேகம். சினிமாவில் 150 ரூபாய் டிக்கெட்டுக்கே வரி எடுக்கிறார்கள். நாடகத்துக்கு எப்படி?

ரேவதி அக்கா: சினிமாவுக்குத் தனிக் கணக்கு அண்ணா, இப்போது 100 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. நாடகம், கச்சேரி, நடனம், சர்க்கஸ் போன்றவற்றில் ஓர் ஆளுக்கு 500 வரை வரியே இல்லை. ஆனால் 510 வைத்தால் அந்தப் பத்து ரூபாய்க்கு மட்டுமல்ல, முழு 510-க்கும் 18%. அதனால்தான் பலர் 499-லோ 500-லோ நிறுத்திவிடுகிறார்கள்.

சேகர் மாமா: அப்போது நான் சொன்னதில் பாதியாவது சரி.

ரேவதி அக்கா: பதிவு உள்ளவர்களுக்குச் சரி மாமா 🙂 அவர்கள் 750 டிக்கெட் விற்றால் மத்திய வரி 67.50, மாநில வரி 67.50, மொத்தம் 885. இன்வாய்ஸில் அந்த இரண்டு வரியும் தனித்தனியாக வர வேண்டும். அதோடு ஜிஎஸ்டி எண், வரிசை எண், தேதி, சேவைக் குறியீடு, வாங்குபவர் பதிவு பெற்றவர் என்றால் அவர் எண். கம்பெனிக்காரர் பெங்களூரில் இருந்தாலும் நாடகம் இங்கே நடப்பதால் இந்த இரண்டு வரிதான். 300, 500 டிக்கெட்டுக்கு டாக்ஸ் இன்வாய்ஸ் வராது, 'பில் ஆஃப் சப்ளை' தான்.

ஜாபர் அண்ணன்: அப்போது 500-க்குள்ளேயே விற்றுக்கொண்டு 20 லட்சம் தாண்டினால்?

ரேவதி அக்கா: வரியில்லாத டிக்கெட் மட்டுமே என்றால் அப்போதும் பதிவு வேண்டாம். ஆனால் கார்த்தி விழா மலர் போடுகிறானே, விளம்பரத்துக்கு வரி உண்டு. அது ஒன்று இருந்தாலே 20 லட்சக் கணக்கில் வரியில்லாத டிக்கெட் பணமும் சேர்ந்துவிடும். பலர் விளம்பரப் பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டு வரம்பைத் தாண்டியது தெரியாமல் இருப்பார்கள்.

செல்வி: ஆக நமக்குச் சட்டப்படி எதுவும் தர வேண்டாம், சரிதானே?

ரேவதி அக்கா: ஜிஎஸ்டி சட்டப்படி இன்வாய்ஸ் வேண்டாம். ஆனாலும் டிக்கெட்டை எண் போட்டு அடிக்கட்டையோடு அச்சடியுங்கள். வருமான வரியில் கேட்டாலும், நாடகம் நின்றுபோய்ப் பணம் திருப்பித் தர நேர்ந்தாலும், அடிக்கட்டைதான் கை கொடுக்கும்.

கார்த்தி: சரி அக்கா. 750-ஐ அப்படியே வைக்கிறோம், '+ ஜிஎஸ்டி' போடவில்லை. அப்புறம், அடுத்த வருஷம் பெரிய அரங்கில் இரவுச் சாப்பாட்டோடு 600 டிக்கெட் போடலாம் என்று பேச்சு. நாடகம் 450, சாப்பாடு 150 என்று பிரித்துவிட்டால் 500-க்குள் வருமா?

சேகர் மாமா: தாராளமாக வரும்.

ரேவதி அக்கா: அவ்வளவு லேசாக வராது மாமா. ஒரே டிக்கெட், ஒரே விலை என்றால் பிரித்துக் காட்டுவதை ஏற்காமல் போகலாம். சாப்பாட்டுக் கூப்பனை வேண்டாம் என்று சொல்ல வருபவருக்கு உரிமை இருந்தால் நம் பேச்சுக்கு வலு உண்டு. திங்கள்கிழமை எங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அதுவரை போஸ்டரில் விலை போடாதே.

ஜாபர் அண்ணன்: சாப்பாடு யார் கான்ட்ராக்ட்?